படகு கரை திரும்பும் வரை

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 36 வயது, ஊர் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குத் தொழிலுக்குப் போகிறார். போன வருடம் எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை அவர்கள் படகைப் பிடித்துவிட்டது. 2 மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தார். கடன் இருப்பதால் திரும்பவும் அதே தொழில்தான். அவர் கடலுக்குப் போகும் நாட்களில் எனக்கு நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்குவதில்லை. இரவு முழுவதும் போன் கையிலேயே இருக்கும், சிக்னல் கிடைக்காது என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே இருப்பேன். எங்கள் மகளிர் குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதுவேன், 4 மாதமாகப் போகவில்லை. பிளஸ் டூ படிக்கும் மகளிடம் எரிந்து விழுகிறேன். ஜெபம், மூச்சுப் பயிற்சி, யூடியூபில் சொன்னது எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். இசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர் இதயத்தில் ஒன்றுமில்லை என்கிறார். இந்தப் பயம் என் மனதை விட்டுப் போக ஒரு வழி சொல்லுங்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருந்து எழுதும் டாக்டர் அல்ல, உளவியல் ஆலோசகர். பயத்தை அடியோடு போக்கும் வழி என்னிடம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை வைத்துக்கொண்டே குழுவுக்குப் போகவும், மகளோடு உட்காரவும், ஒரு வாய் சோறு சாப்பிடவும் ஒரு முறை இருக்கிறது. இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

லிஃப்டில் ஏறப் பயப்படுகிறவர் ஒருவர் என்னிடம் வந்தால், இதுவரை எத்தனை முறை ஏறினீர்கள், எத்தனை முறை அறுந்து விழுந்தது என்று கேட்டு, பயம் சொல்வதற்கும் நடப்பதற்கும் உள்ள இடைவெளியை அவரே பார்க்கும்படி செய்யலாம். உங்களிடம் அந்தக் கேள்வியை நான் கேட்க முடியாது. நீங்கள் பயப்படுவது ஒருமுறை நடந்த காரியம், இன்னொரு முறையும் நடக்கக்கூடிய காரியம். "ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லும்போது உங்களுக்கு ஆறுதலைவிட எரிச்சல் அதிகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

பொய்யான பயத்தைத் திருத்தும் முறைகளைவிட, மெய்யான பயத்தோடு வாழும் முறையே உங்களுக்குப் பொருந்தும். 1980-களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் வளர்த்தெடுத்த ஒரு சிகிச்சை முறைக்கு ஆக்ட் என்று பெயர். ஏற்றுக்கொள்வதும் செயலில் உறுதியாக நிற்பதும் என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஹேய்ஸே இளம் பேராசிரியராக இருந்த நாளில் ஒரு கூட்டத்தின் நடுவே வாயைத் திறந்தும் பேச்சு வராத அளவுக்குப் பீதிக்கு ஆளானவர். அதிலிருந்து தப்பிக்கச் செய்த ஒவ்வொன்றும் அதைப் பெரிதாக்கியது என்று அவரே பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் இந்த முறையை அடிப்படையாகக் கொண்டு, பெரிய படிப்பில்லாதவர்களும் பயன்படுத்தும்படி படங்களோடு ஒரு கையேட்டை 2020-இல் வெளியிட்டது. அதையொட்டிய பயிற்சியை உகாண்டாவில் அகதிகளாக இருந்த தென்சூடான் பெண்களுக்கு வாரம் ஒருமுறையாக 5 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். போரில் சொந்தங்களை இழந்து, முகாமில் நாளை என்னவென்று தெரியாமல் இருந்த அந்தப் பெண்களிடம் "ஒன்றும் ஆகாது" என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. பயிற்சி பெற்றவர்களின் மனத்துயரம், பெறாதவர்களைவிட 3 மாதம் கழித்தும் குறைவாகவே இருந்தது. உங்களுக்கு இதைத் துணிந்து சொல்ல எனக்கு அது ஒரு காரணம். பழைய சிகிச்சைகளை எல்லாம் மிஞ்சிய முறை என்று இதைச் சிலர் விளம்பரப்படுத்துவதை நான் ஏற்கவில்லை. மற்ற நல்ல முறைகள் அளவுக்கு இதுவும் பயன்படுகிறது என்பதே சரியான கணிப்பு.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஒரு நோட்டை எடுத்து, அவர் கடலில் இருக்கும் அடுத்த இரண்டு இரவுகளுக்கு மட்டும், பயத்தைக் குறைக்க நீங்கள் செய்யும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள். முதல் கட்டம் வரவு: அதைச் செய்ததால் எத்தனை நிமிடம் நெஞ்சு லேசானது. இரண்டாவது செலவு: அதற்காக எதை விட்டீர்கள், யாரிடம் கத்தினீர்கள், எத்தனை மணி நேரத் தூக்கம் போனது. அந்த இரண்டு இரவுகளிலும் எதையும் மாற்ற முயல வேண்டாம். வழக்கம்போலவே இருந்துகொண்டு எழுதினால் போதும்.

நான் பார்த்த வரையில் அந்தப் பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும். போன் அடித்ததில் வரவு ஒன்றுமில்லை. பொத்தானை அழுத்துவதற்கும் "தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்ற குரல் வருவதற்கும் நடுவே ஓரிரு நொடி நம்பிக்கை, பிறகு முன்பைவிட அதிகப் படபடப்பு. நாற்பது முறை அடித்தால் அந்தக் குரலை நாற்பது முறை கேட்டிருப்பீர்கள். செய்தி பார்த்ததில் அரை நிமிட வரவு, பழைய கைது ஒன்றின் படம் வந்துவிட்டால் அதுவும் கிடையாது. குழுவுக்குப் போகாததில் வரவு உண்டு, அதை மறைக்கக் கூடாது. "இன்றைக்கு நாலு பேர் முன்னால் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை" என்று முடிவு செய்த அந்த நிமிடம் பெரிய நிம்மதி கிடைத்திருக்கும். ஆனால் அதன் செலவு 4 மாதம் ஓடியிருக்கிறது. இப்போது திரும்பிப் போவதற்கே ஒரு தனிக் கூச்சம் சேர்ந்திருக்கும். பயத்திலிருந்து விலகும் செயல்களின் இயல்பு இதுதான். வரவு உடனே கைக்கு வருகிறது, செலவு மெதுவாக வருகிறது. அதனால் நம் மனம் வரவை மட்டும் பார்த்து, அதே காரியத்தை மறுபடியும் செய்யச் சொல்கிறது.

ஆறுதல் தரும் எல்லாமே இப்படி நட்டத்தில் முடிவதில்லை. அதே படகில் போயிருப்பவரின் மனைவி பக்கத்துத் தெருவில் இருந்து, அவரோடு இருபது நிமிடம் பேசிவிட்டு வந்தால் அடுப்பைப் பற்றவைக்க முடிகிறது என்றால், அதை விட்டுவிடாதீர்கள். ஜெபத்தையும் நான் குறை சொல்லவில்லை. அதற்கு ஒரே ஒரு சோதனை போதும். ஜெபித்து எழுந்ததும் உங்கள் கால் அடுத்த வேலைக்குப் போகிறதா, மீண்டும் போனுக்குப் போகிறதா என்று பாருங்கள். போனுக்குத்தான் போகிறது என்றால், அந்த ஜெபம் பயத்தோடு நடத்தும் பேரமாகிவிட்டது என்று பொருள். "அவரை உம்மிடம் ஒப்படைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து அரிசி களைகிற ஜெபம் வேறு வகை.

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் ஊரில் சொல்வார்கள். மருந்தைக் கையில் எடுத்ததும் குரங்குதான் நினைவுக்கு வரும். இதையே டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் சோதனையாகச் செய்து 1987-இல் வெளியிட்டார். ஒரு வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்லி, நினைவு வந்தால் மணியை அடிக்கச் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு இப்போது தாராளமாக நினைக்கலாம் என்று சொன்னபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட, அடக்கி வைத்தவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. கரடிக்கே இந்த நிலை என்றால், கணவரின் முகத்தை நினைக்காமல் இருக்க முயல்கிறவருக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மூச்சுப் பயிற்சி உங்களுக்குப் பலன் தராததற்கும் இதுவே காரணம் என்று ஊகிக்கிறேன். அடக்குவதற்கான கருவியாக அதைப் பிடித்திருக்கிறீர்கள். மூச்சை இழுத்து விட்டுவிட்டு, போய்விட்டதா என்று பார்த்திருப்பீர்கள். அப்படிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதை நீங்களே கூப்பிட்டுவிடுகிறீர்கள்.

அடக்காமல் இருப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். இதில் இரண்டு பகுதிகள் உண்டு, இரண்டும் சேர்ந்து மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது.

முதல் பகுதி எண்ணத்தைப் பற்றியது. இரவு ஒன்பது மணிக்கு "இந்த முறை பிடித்துவிட்டார்கள்" என்று ஓர் எண்ணம் வருகிறது. அந்த நிமிடத்தில் அது எண்ணமாகவே தெரியாது, காதில் விழுந்த செய்தியைப் போலத் தெரியும். அதன் பின்னால் "என்று என் மனம் சொல்கிறது" என்பதைச் சேர்த்து மெல்ல வாய்விட்டுச் சொல்லுங்கள். "இந்த முறை பிடித்துவிட்டார்கள் என்று என் மனம் சொல்கிறது." தமிழில் இதற்கு "என்று" என்ற ஒரு சொல் தயாராக இருப்பது நமக்கு வசதி. எந்த வாக்கியத்தின் வாலிலும் அதை ஒட்டினால், அது யாரோ சொன்ன சொல்லாகிவிடுகிறது. எண்ணம் பொய் என்று இங்கே நாம் வாதாடவில்லை. அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் செய்தி வரும்போது சங்கத்திலிருந்தோ படகு உரிமையாளரிடமிருந்தோ வரும். மனம் சொல்வது செய்தி இல்லை. இந்த வேறுபாடு தெரிந்தால் அந்த இரவுக்குப் போதும்.

இரண்டாம் பகுதி உடம்பைப் பற்றியது. தரையில் உட்கார்ந்து, பயம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். உங்களுக்கு நெஞ்சிலும் தொண்டையிலும் இருக்கும் என்று தோன்றுகிறது. எவ்வளவு பெரிதாக இருக்கிறது, உள்ளங்கை அளவா, ஒரு தட்டு அளவா? அதன் ஓரம் எங்கே முடிகிறது? சூடா, இறுக்கமா, துடிக்கிறதா? காய்ச்சல் அடிக்கும் பிள்ளையின் நெற்றியில் கை வைப்பதுபோல அந்த இடத்தில் கையை வையுங்கள். நெற்றியில் கை வைத்தால் காய்ச்சல் இறங்குவதில்லை, ஆனாலும் வைக்கிறோம். ஐந்தாறு மூச்சு, அந்த இடத்தைச் சுற்றிப் போய்வருவதாக எண்ணிக்கொண்டு விடுங்கள். மூச்சின் வேலை பயத்தைக் கரைப்பது இல்லை, அது இருப்பதற்குக் கொஞ்சம் இடம் விடுவதுதான். பிறகு கவனத்தை அகலப்படுத்துங்கள். காலுக்குக் கீழே தரையின் குளிர்ச்சி, மின்விசிறியின் சத்தம், மகள் புத்தகப் பக்கத்தைப் புரட்டும் ஓசை. நெஞ்சின் படபடப்பும் இருக்கிறது, இவையும் இருக்கின்றன. அந்த நிலையிலேயே எழுந்து அடுத்த காரியத்துக்குப் போக வேண்டும். இதயத்தை ஏற்கெனவே பரிசோதித்துவிட்டதால், இந்தப் படபடப்பு உங்களுக்குத் துன்பம் தருவதே தவிர ஆபத்தானது இல்லை என்ற தெளிவோடு இதைச் செய்யலாம்.

முதல் முறையாக இதை அவர் கடலில் இருக்கும் இரவில் செய்ய வேண்டாம். பாக் நீரிணையில் விசைப்படகுகள் போகாத நாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ரேஷன் கடை வரிசையில் வந்த எரிச்சல், மாமியார் சொன்ன ஒரு சொல் போன்ற சின்ன விஷயத்தை வைத்து நான்கைந்து முறை பழகுங்கள். நீச்சலை யாரும் ஆழக்கடலில் கற்றுக்கொள்வதில்லை.

இந்தப் பயிற்சி எப்படித் தவறிப் போகும் என்பதை என்னிடம் வந்த ஒருவரை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கீழக்கரைப் பக்கத்தில் சங்கு குளிக்கப் போகும் ஓர் இளைஞரின் தாய் அவர். மகன் கடலுக்குள் மூழ்கும் நேரம் முழுவதும் தன் மூச்சே நின்றுபோவதாகச் சொல்வார். நான் சொல்லிக்கொடுத்ததைத் தினமும் சிரத்தையாகச் செய்தார். மூன்று நிமிடம் என்றால் இருபது நிமிடம் செய்தார். மூன்றாவது வாரம் கோபத்தோடு வந்து, "நெஞ்சில் கை வைத்து இடம் கொடு, இடம் கொடு என்றீர்கள், கொடுத்தேன், போகவில்லையே" என்றார். பிழை என்னுடையது. அவர் இடம் கொடுத்தது போவதற்காகத்தான் என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். வந்தவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, எப்போது கிளம்புவீர்கள் என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் அது உபசரிப்பு ஆகாது. பிறகு நாங்கள் ஒன்றை மட்டும் மாற்றினோம். அவர் பனையோலைப் பெட்டி முடைகிறவர், மகன் கடலில் இருக்கும்போது ஓலையைத் தொடுவதில்லை. இருபது நிமிடத்தை மூன்றாகக் குறைத்து, அது முடிந்ததும் கையில் ஓலையை எடுக்க வேண்டும் என்று வைத்தோம். அடுத்த முறை வந்தபோது, பயம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, எத்தனை பெட்டி முடைந்தீர்கள் என்று கேட்டேன். நான்கு என்றார். "அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு முடையுறேன்" என்றும் சொன்னார். நான் படித்த பாடநூல்களில் இதைவிடத் தெளிவான விளக்கத்தைப் பார்த்ததில்லை.

ஆக, மூன்று நிமிடம் முடிந்ததும் உங்கள் கையில் எடுக்க ஒன்று வேண்டும். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். "பயப்படாமல் இருக்க வேண்டும், மகளிடம் கத்தாமல் இருக்க வேண்டும், போனைத் தொடாமல் இருக்க வேண்டும்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். கொஞ்சம் கடுமையாகத் தோன்றினாலும், அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இந்த மூன்றையும் நம்மைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் கல்லறையில் படுத்திருப்பவர். அவர் பயப்படுவதில்லை, கத்துவதில்லை, போனைத் தொடுவதில்லை. உயிரோடு இருப்பவரால் மட்டுமே செய்ய முடிகிற ஒன்றை எழுத வேண்டும். அதற்கு, நீங்கள் எப்படிப்பட்டவராக இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து பெண்களின் சேமிப்பை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுகிறவர் என்று உங்கள் மேல் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. அப்பா கடலில் இருக்கும் இரவில் அம்மா எப்படி இருந்தார் என்று உங்கள் மகள் பிற்காலத்தில் நினைத்துப் பார்ப்பாள். இந்த இரண்டுமே உங்களுக்கு முக்கியம் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. முக்கியமில்லை என்றால் குழுவைப் பற்றியும் மகளைப் பற்றியும் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

அடுத்த புதன்கிழமை அவர் கடலுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் டோக்கன் வாங்கிப் படகு புறப்பட்டுவிடும், மறுநாள் காலைதான் கரை திரும்பும். பகலிலேயே குழுவின் கணக்கு நோட்டை இப்போது வைத்திருப்பவரிடமிருந்து வாங்கி வந்துவிடுங்கள். வாங்கப் போகும்போது விளக்கம் எதுவும் தேவையில்லை, "விட்டுப்போன பக்கத்தை எழுதித் தருகிறேன்" என்றால் போதும். இரவு எட்டரை மணிக்குப் போனின் சத்தத்தை முழுவதும் கூட்டி, சமையலறை அலமாரியில் வையுங்கள். உங்களுக்கு வர வேண்டிய அழைப்பு வந்தால் வீடு முழுக்கக் கேட்கும். நீங்கள் அடிப்பதை நிறுத்துவதால் எந்தச் செய்தியும் தவறிப்போகாது. மூன்று நிமிடப் பயிற்சியை முடித்து, மகள் படிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். கை நடுங்கினால் நடுங்கும் கையெழுத்திலேயே எழுதலாம், கூட்டல் சரியாக இருந்தால் சரி. நடுவில் மனம் போனுக்கு இழுக்கும். இழுக்கிறது என்பதைக் கவனித்து, அடுத்த வரியை எழுதுங்கள். எழுந்து போய் அடித்துவிட்டீர்கள் என்றால், அதையும் வரவு செலவுக் கட்டத்தில் குறித்துவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடருங்கள். அன்றைய கணக்கு அதனால் கெட்டுப்போகாது.

உட்காரும் முன் மகளிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: "அப்பா கடல்ல இருக்காருல்ல, அம்மாவுக்கு நெஞ்சு படபடன்னு இருக்கு. உம்மேல கோபம் இல்லை. நீ படி, நான் பக்கத்துல கணக்கு எழுதுறேன்." உங்கள் பயத்தை அவளிடமிருந்து மறைத்து வைத்திருப்பதாக நீங்கள் நினைக்கலாம். அந்த வீட்டிலேயே இருக்கும் பெண்ணுக்கு அது தெரியாமல் இருக்காது. காரணம் சொல்லப்படாததால், தன் மேல்தான் கோபம் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கக் கூடும். அவளுக்கும் தன் தகப்பனைப் பற்றிய பயம் இருக்கும், அதைச் சொல்ல ஒரு வழியும் இதில் திறக்கும்.

இரண்டாம் வாரம் குழுக் கூட்டத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம் என்ற அனுமதியோடு போங்கள். முடிந்தால் அது அவர் கடலில் இருக்கும் நாளாக அமையட்டும். அவர் வீட்டில் இருக்கும் நாளில் போவது எளிது, ஆனால் அதில் நீங்கள் கற்றுக்கொள்வது குறைவு. இருபது நிமிடம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தால், பயம் ஏறினாலும் இருபது நிமிடம் இருந்துவிட்டுத்தான் எழ வேண்டும். பயம் இல்லாவிட்டாலும் இருபதிலேயே எழுந்துவிடலாம். எப்போது எழுவது என்பதைக் கடிகாரம் முடிவு செய்யட்டும், நெஞ்சின் படபடப்பு முடிவு செய்யக் கூடாது. அது பெரிதென்று தோன்றினால் பத்து நிமிடமாக்குங்கள். அளவைக் குறைக்கலாம், கடிகாரத்தை விட்டுவிடக் கூடாது.

இவ்வளவு எழுதிய பிறகு ஒரு தவறான பொருள் வந்துவிடக் கூடாது என்ற கவலை எனக்கு உண்டு. ஏற்றுக்கொள் என்று நான் சொல்வது உங்கள் நெஞ்சுக்குள் நடப்பதை மட்டும்தான், வெளியே நடப்பதை எல்லாம் பொறுத்துக்கொள் என்று பொருளல்ல. கையால் செய்யக்கூடியதைக் கையால்தான் செய்ய வேண்டும். ஒரு பகல் நேரத்தில் கணவரோடு உட்கார்ந்து, அவருடைய மீனவர் அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் போட்டு வையுங்கள். படகு உரிமையாளர், சங்கத் தலைவர், உடன் போகிறவர்களின் வீடுகள் ஆகிய எண்களை அதன் மேலேயே எழுதுங்கள். திரும்பும்போது சிக்னல் கிடைத்ததும் ஒரு அழைப்பு கொடுக்க வேண்டும் என்று அவரிடம் பேசிவையுங்கள். படகை எங்கே கொண்டுபோகிறார்கள், எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறார்கள் என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கூலிக்குப் போகிறவரால் அதைத் தனியாக மாற்ற முடியாமல் இருக்கலாம், ஆனால் வீட்டில் அது பேசப்பட வேண்டிய பேச்சு. சங்கம் கூப்பிடும் ஆர்ப்பாட்டத்தில் போய் நிற்பதும் இந்த முறையில் ஒரு செயல்தான். அந்த உறை தயாரான பிறகும் இரவில் மனம் அதே கேள்விகளைக் கேட்டால், அப்போது அது வேலை இல்லை, பயம். அதற்கு மூன்று நிமிடப் பயிற்சிதான் பதில்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் இல்லாதது. 2 மாதம் சிறையில் இருந்து வந்தவர் இரவில் அலறி எழுகிறாரா, குடி கூடியிருக்கிறதா, யாரோடும் பேசாமல் இருக்கிறாரா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் அவருக்கும் உதவி வேண்டும். அவர் கையை நீட்டுகிறார் என்றால், அதற்கு இடம் கொடுப்பது என்ற பேச்சே கிடையாது, முதலில் உங்கள் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். உங்களுக்கே அவர் வீட்டில் இருக்கும் நாட்களிலும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோ, இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்க்காதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அங்கே மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள், மேலே சொன்ன பயிற்சிக்கு அது தடையில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் அவர் கரையில் இருப்பதால் உங்கள் படபடப்பு தானாகவே இறங்கிவிடும். பயிற்சியால் குணமாகிவிட்டது என்று அப்போது நோட்டை மூடிவிட வேண்டாம். சின்ன எரிச்சல்களை வைத்து மூன்று நிமிடத்தைப் பழகிக்கொண்டிருங்கள், குழுக் கூட்டம் ஒன்றையும் விடாதீர்கள். தடை முடிந்து படகுகள் முதல் முறை புறப்படும் அன்றைக்கு நெஞ்சு பழையபடி அடித்துக்கொள்ளும், ஒருவேளை முன்பைவிட அதிகமாகவும் அடிக்கலாம். அன்று இரவு எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை முந்தின நாளே கணக்கு நோட்டில் ஒரு துண்டுத்தாள் வைத்துக் குறித்து வைத்துவிடுங்கள்.